கட்டளைக்கும் இலக்குக்கும் இடையே ஆறு நிமிடம்

1971 டிசம்பர் 8-ஆம் தேதி இரவு, கராச்சிக்கு வெளியே கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது. ஐ.என்.எஸ். வினாஷ் என்ற சிறிய ஏவுகணைப் படகு, தல்வார், திரிசூல் என்ற இரண்டு போர்க்கப்பல்களின் துணையோடு துறைமுகத்தை நெருங்கி, தன்னிடம் இருந்த நான்கு ஸ்டிக்ஸ் ஏவுகணைகளையும் ஏவியது. ஒன்று கீமாரி எண்ணெய்த் தொட்டிகளில் விழுந்து பெருந்தீயை மூட்டியது. மற்ற மூன்றும் நங்கூரமிட்டு நின்ற கப்பல்களைப் பிடித்துக்கொண்டன. அவற்றுள் ஒன்று பாகிஸ்தான் கடற்படையின் எண்ணெய்க் கப்பல் ‘டாக்கா’. மற்றொன்று பனாமா கொடி பறந்த ‘கல்ஃப் ஸ்டார்’. மூன்றாவது ‘ஹர்மத்தான்’ என்ற பிரிட்டிஷ் சரக்குக் கப்பல். பனாமாவுக்கும் பிரிட்டனுக்கும் அந்தப் போரில் பங்கில்லை.

அந்த மூன்று கப்பல்களைத் தேர்ந்தெடுத்தது யார்? வினாஷில் இருந்த மாலுமி தன் ரேடார் திரையில் ஒரு புள்ளியைக் கண்டு, அந்தத் திசையில் ஏவினார். அதற்கு மேல் அவர் கையில் எதுவும் இல்லை. ஸ்டிக்ஸ் ஏவுகணை தானே பறந்துபோய், முன்கூட்டியே குறித்துவைத்த தூரத்தில் மூக்கிலிருக்கும் சிறு ரேடாரைத் திறக்கும். தன் பார்வைக்குள் எதிரொலி வலுவாக வரும் பொருளை நோக்கித் திரும்பும். வலுவான எதிரொலி என்றால் பெரிய இரும்பு உடல் என்று பொருள். கொடியின் நிறம் அதற்குத் தெரியாது. கராச்சித் தாக்குதலை நாம் வெற்றியாகவே நினைவில் வைத்திருக்கிறோம், வெற்றிதான். ஆனால் இலக்கைக் கடைசியாகத் தேர்ந்தெடுக்கும் வேலையை மனிதன் கருவியிடம் விட்ட கதை இந்தியாவுக்கு அரை நூற்றாண்டு பழையது என்பதையும் அந்த இரவு சொல்கிறது.

தன்னியக்க ஆயுதங்கள் பற்றிய பேச்சு பெரும்பாலும் வரப்போகும் இயந்திரங்களைப் பற்றியதாகவே இருக்கிறது. நான் அதைத் திருவனந்தபுரத்தின் சாக்கையிலிருந்து பார்க்கிறேன். விமான நிலையத்துக்கு அருகே, முன்பு கெல்டெக் என்ற பெயரில் கேரள அரசு நடத்திய தொழிற்சாலை, இன்று பிரம்மோஸ் ஏவுகணைக்கான பாகங்களைச் செய்யும் பிரம்மோஸ் ஏரோஸ்பேஸ் திருவனந்தபுரம் நிறுவனம். ஸ்டிக்ஸின் இடத்துக்கு வந்த ஏவுகணை பிரம்மோஸ். இதுவும் ‘ஏவிவிட்டு மறந்துவிடு’ என்ற வகைதான். கப்பலைத் தாக்கும் வடிவில், பயணத்தின் பெரும்பகுதியைத் தன் உள் வழிகாட்டியை நம்பிப் பறந்து, கடைசிக் கட்டத்தில் தன் சீக்கரை, அதாவது மூக்கிலுள்ள தேடுகருவியை, இயக்கி இலக்கைப் பிடிக்கிறது. யாரும் இதைக் கொலைகார ரோபோ என்று அழைப்பதில்லை. இருந்தும் ‘அர்த்தமுள்ள மனிதக் கட்டுப்பாடு’ என்று ஜெனீவாவில் பத்தாண்டுகளுக்கு மேலாக விவாதிக்கப்படும் சொற்றொடரைச் சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல உரைகல் எனக்குத் தெரியவில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முதலில் வெளிவந்த பிரம்மோஸின் எட்டும் தூரம் 290 கிலோமீட்டர். வேகம் ஒலியைப்போல் சுமார் 2.8 மடங்கு. கடைசி எல்லைவரை பறக்க ஏறத்தாழ 6 நிமிடம் ஆகும். விழிஞ்ஞம் துறைமுகத்திலிருந்து சுமார் 10 கடல்மைல் தொலைவில் சர்வதேசக் கப்பல் பாதை போகிறது. அதில் 20 நாட் வேகத்தில் ஓடும் ஒரு கப்பல் அந்த 6 நிமிடத்தில் 3.7 கிலோமீட்டர் நகர்ந்திருக்கும். எந்தப் பக்கம் திரும்பியிருக்கும் என்று தெரியாததால், அது இருக்கக்கூடிய இடம் 3.7 கிலோமீட்டர் ஆரமுள்ள ஒரு வட்டம். பரப்பு சுமார் 43 சதுர கிலோமீட்டர். தேடுகருவி தேட வேண்டிய குறைந்தபட்சக் கடல் அது. தளபதிக்கு அந்தக் கப்பலின் இடம் ஏவும் நொடியில் துல்லியமாகத் தெரிந்திருந்தால் மட்டுமே இந்தக் கணக்கு பொருந்தும்.

உண்மையில் அப்படித் தெரிந்திருப்பது அரிது. ரோந்து விமானம் அரைமணி நேரத்துக்கு முன் பார்த்த இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது ஆரம் 22 கிலோமீட்டர், பரப்பு சுமார் 1,500 சதுர கிலோமீட்டர். அதற்குள் நுழைந்திருக்கக்கூடிய மற்றக் கப்பல்களைப் பற்றித் தளபதிக்கு இருப்பது அரைமணி நேரப் பழைய செய்தி. அடுத்து, வானில் 6 மணிநேரம் சுற்றிக்கொண்டே காத்திருந்து இலக்கு தென்பட்டதும் பாயும் ஒரு கருவியை எண்ணிப் பாருங்கள். அதே கப்பல் 6 மணிநேரத்தில் 222 கிலோமீட்டர் போயிருக்கும். வட்டத்தின் பரப்பு ஒன்றரை லட்சம் சதுர கிலோமீட்டரைத் தாண்டுகிறது. தமிழ்நாட்டின் பரப்பைவிட அது பெரியது. கருவி அவ்வளவு கடலையும் தேடும் என்று நான் சொல்லவில்லை. ஏவும்போது தளபதி மனத்தில் இருந்த அறிவு அந்த அளவுக்கு நீர்த்துப்போயிருக்கும் என்கிறேன்.

சட்டம் இங்கேதான் நுழைகிறது. போர்ச் சட்டம் தாக்குபவரிடம் மூன்று கடமைகளைக் கேட்கிறது. படை இலக்கையும் பொதுமக்களையும் வேறுபடுத்த வேண்டும். கிடைக்கப்போகும் படை நன்மையோடு ஒப்பிட, பொதுமக்களுக்கு நேரும் சேதம் மிகையாக இருக்கக்கூடாது. தாக்குமுன் இயன்ற முன்னெச்சரிக்கை எல்லாம் எடுக்க வேண்டும். 1977-இன் முதல் கூடுதல் நெறிமுறையின் 57-ஆம் பிரிவு இந்த முன்னெச்சரிக்கையைத் ‘திட்டமிடுபவர், முடிவெடுப்பவர்’ மீது வைக்கிறது. இந்தியா அந்த நெறிமுறையில் சேரவில்லை. ஆனால் இந்த மூன்று கடமைகளும் வழக்கச் சட்டமாக எல்லா நாடுகளையும் கட்டுவதாகவே பரவலாகக் கொள்ளப்படுகிறது. மூன்றும் ஒரு மனிதர் ஒரு நேரத்தில் தனக்குத் தெரிந்ததை வைத்து எடை போடுவதைக் கேட்பவை. அந்த எடைபோடல் காய்கறிபோல: வைத்திருக்க வைத்திருக்க வாடும். ஆறு நிமிடம் தாங்குவது ஆறு மணிநேரம் தாங்காது. கராச்சித் துறைமுகத்தில் எண்ணெய்த் தொட்டிகள் முறையான இலக்கு, டாக்காவும் முறையான இலக்கு. பக்கத்தில் நின்ற வெளிநாட்டுக் கப்பல்களுக்கு நேரும் சேதம் அந்த நன்மைக்கு மிகையா என்று எடைபோட வேண்டியவர்கள் வினாஷில் இருந்தவர்கள். அவர்கள் கண்ட திரையில் எல்லாக் கப்பலும் புள்ளிதான்.

இது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட சிக்கல் என்று பலர் எழுதுகிறார்கள். அவர்கள் 1907-இன் எட்டாம் ஹேக் உடன்படிக்கையைப் படிக்க வேண்டும். அது கடல் கண்ணிவெடிகளைப் பற்றியது. தொட்டால் வெடிக்கும் கண்ணிவெடி உலகின் முதல் தன்னியக்க ஆயுதங்களில் ஒன்று: யார் மோதினாலும் தானே முடிவெடுக்கும். நங்கூரமில்லாமல் மிதக்கவிடும் கண்ணிவெடி, அதை இட்டவரின் கட்டுப்பாட்டைவிட்டுப் போன ஒரு மணிநேரத்துக்குள் செயலிழந்துவிட வேண்டும். இல்லையேல் அதை இடக்கூடாது என்கிறது முதல் பிரிவு. நங்கூரமிட்டது அறுத்துக்கொண்டு போனால் உடனே செயலிழக்க வேண்டும். இலக்கைத் தவறவிட்ட டார்ப்பிடோவும் அப்படியே. ‘கட்டுப்பாடு’ என்ற கருத்து அன்றே சட்டத்தில் இருக்கிறது. அதை மணிக்கணக்கில் அளந்துமிருக்கிறார்கள். பொத்தானில் யார் விரல் இருந்தது என்று அந்தச் சட்டம் கேட்கவில்லை. விரலை எடுத்தபின் எவ்வளவு நேரம் ஆபத்து உயிரோடு இருக்கலாம் என்று கேட்டது.

அதன் ஓட்டையும் நம் பக்கத்துக் கடலிலேயே தெரிந்தது. அறுந்துபோகாமல் நிற்கும் நங்கூரமிட்ட கண்ணிவெடிக்குத் திட்டமான கால வரம்பு இல்லை. வணிகக் கப்பல்களைத் தடுப்பதை ‘மட்டுமே’ நோக்கமாகக் கொண்டு எதிரியின் கரையில் இடக்கூடாது என்ற இரண்டாம் பிரிவை ஜெர்மனியும் பிரான்சும் ஏற்காமல் ஒதுக்கின. 1917 பிப்ரவரியில், சரக்குக் கப்பல்போல் வேடமிட்ட ஜெர்மன் போர்க்கப்பல் ‘வோல்ஃப்’ கொழும்புக்கு வெளியிலும் பம்பாய்க்கு வெளியிலும் கண்ணிவெடிகளை இட்டுவிட்டுப் போனது. கொழும்பில் சில நாட்களுக்குள் இரண்டு கப்பல்கள் மூழ்கின. பம்பாய் அருகே ‘மங்கோலியா’ என்ற அஞ்சல் கப்பல் அதே கண்ணிவெடிகளில் ஒன்றில் மோதி மூழ்கியது ஜூன் மாதத்தில். இட்டவர்கள் அதற்குள் பசிபிக் பெருங்கடலுக்குப் போயிருந்தார்கள். நான்கு மாதம் பழைய ஒரு முடிவு அந்தக் கப்பலை மூழ்கடித்தது.

நேரமும் பரப்பும் கட்டுப்பாட்டின் ஒரு பாதி. மறுபாதி, கருவி எதைக் கண்டு இலக்கு என்று முடிவுசெய்கிறது என்பது. இஸ்ரேல் செய்த ஹார்ப்பி நம் விமானப்படையிடமும் இருக்கிறது. அது வானில் சுற்றி, எதிரி ரேடாரின் அலையைக் கேட்டதும் அதன்மேல் போய் விழும். அது அறிவது அலையை மட்டும். படை ரேடாரின் அலை வரிசைகள் பெரும்பாலும் தனித்தவை என்பதால் அடையாளம் ஓரளவு நம்பத்தக்கதுதான். ஆனால் அந்த ரேடார் பாலைவனத்தில் நிற்கிறதா, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் நிற்கிறதா என்பதை அலை சொல்லாது. வேறுபடுத்தல் என்ற முதல் கடமையை அடையாளம் ஓரளவு நிறைவேற்றலாம். சேதத்தை எடைபோடும் இரண்டாம் கடமையை எந்த அடையாளமும் நிறைவேற்ற முடியாது. படம் பார்த்து இலக்கை அறியும் புதிய கருவிகளில் இந்த முதல் கடமையும் தளர்கிறது. ஆயிரக்கணக்கான படங்களில் பழகிய மென்பொருள் எந்தக் கோட்டினை, எந்த நிழலைக் கண்டு ‘டாங்கி’ என்றது என்பதை அதை எழுதியவர்களாலேயே பெரும்பாலும் சொல்ல முடிவதில்லை. ஹார்ப்பி எதில் ஏமாறும் என்று முன்கூட்டியே எழுதிவைக்கலாம். இதற்கு எழுதிவைக்க முடியாது. செஞ்சிலுவைச் சங்கத்தின் சர்வதேசக் குழு 2021-இல், விளைவை முன்கூட்டி அறிய முடியாத தன்னியக்க ஆயுதங்களை அடியோடு தடைசெய்யச் சொன்னதற்குக் காரணம் இதுதான். மனிதர்களை இலக்காகக் கொள்பவற்றையும் தடைசெய்யச் சொன்னது. மற்றவற்றுக்கு அது கேட்டவை எளியவை: இலக்கின் வகைக்கு வரம்பு, நேரத்துக்கு வரம்பு, பரப்புக்கு வரம்பு, இடையில் நிறுத்தும் வசதி. எனக்கு அதில் 1907-இன் குரல்தான் கேட்கிறது.

‘முடிவை மனிதனிடமே விட்டுவிட்டால் போதுமே’ என்று கேட்கலாம். போதாது என்பதற்கும் நம்மிடம் சான்று உண்டு. கராச்சித் துறைமுகத்தை வினாஷ் தாக்குவதற்கு இரண்டு நாள் முன்பு, பாகிஸ்தான் விமானப்படை தன் சொந்தப் போர்க்கப்பலான ‘சுல்ஃபிகாரை’ இந்திய ஏவுகணைப் படகு என்று நினைத்துச் சுட்டது. மேலிருந்து பார்த்தவர்களும் மனிதர்கள், சுட்டவரும் மனிதர். 2019 பிப்ரவரி 27 அன்று, பாலாகோட்டுக்கு மறுநாள், ஸ்ரீநகர் தளத்திலிருந்து கிளம்பிய நம் எம்.ஐ.-17 ஹெலிகாப்டரை நம் விமானப்படையின் ஏவுகணையே புட்காமில் வீழ்த்தியது. ஆறு வீரர்களும் தரையில் இருந்த ஒரு பொதுமகனும் இறந்தார்கள். விமானப்படைத் தலைவர் பதவுரியா அதே ஆண்டு அக்டோபரில் அதைப் பெரிய தவறு என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். ஏவும் ஆணையைக் கொடுத்தது மனிதரே. ஆனால் வானில் எதிரி விமானங்கள், திரையில் ஒரு புள்ளி, சில நிமிட அவகாசம். அந்த நிலையில் மனிதர் திரை சொன்னதை வழிமொழிபவராகச் சுருங்கிவிடுகிறார். ‘அர்த்தமுள்ள’ என்ற அடைமொழி இதற்காகத்தான் சேர்ந்தது. மறுத்துப் பார்க்க நேரமும், மறுக்கத் தேவையான தனிச் செய்தியும் இல்லாதவரின் ஒப்புதலைக் கட்டுப்பாடு என்று எண்ண முடியாது.

இவ்வளவு தெரிந்தும் படைகள் ஏன் மனிதனை விலக்கும் பக்கமே நகர்கின்றன? முதன்மைக் காரணம் வானொலி இணைப்பு. நாக்பூரில் தயாராகும் நாகாஸ்திரா-1 என்ற தாக்கும் டிரோனை எடுத்துக்கொள்வோம். முதுகில் சுமந்து போகலாம். இலக்கு சரியில்லை என்று பட்டால் தாக்குதலைக் கைவிட்டு, பாராசூட்டில் இறக்கி மீண்டும் பயன்படுத்தலாம். கைவிடும் வசதி என்பது சட்டத்தின் முன்னெச்சரிக்கைக் கடமைக்கு ஒரு பொறியாளர் கொடுத்த அழகான பதில். ஆனால் மனிதர் கண்காணித்து இயக்கும் தூரம் 15 கிலோமீட்டர் என்றும், தானே பறக்கும் முறையில் 30 கிலோமீட்டர் என்றும் சொல்லப்படுகிறது. அந்த இரண்டாவது பதினைந்து கிலோமீட்டரில் கைவிடும் கட்டளை எப்படிப் போய்ச்சேரும்? எதிரி அலைகளைக் குழப்பினால் முதல் பதினைந்திலும் போய்ச்சேராது. உக்ரைன் போரில் இரு தரப்பும் டிரோன்கள் பலவற்றை இணைப்பை அறுத்தே வீழ்த்துகிறார்கள். இணைப்பு அறுந்தபின்னும் இலக்கைப் பிடிக்கும் கருவி வேண்டும் என்ற தேவை அங்கிருந்துதான் பிறக்கிறது. ஆகவே ‘இணைப்பு அறுந்தால் கருவி என்ன செய்யும்?’ என்பதே ஒரு புதிய ஆயுதத்தைப் பரிசோதிக்கிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி. திரும்பி வருமா, ஆளில்லாத இடத்தில் விழுமா, தேடிக்கொண்டே போகுமா? மூன்றாவது பதில் வந்தால் அது நங்கூரமில்லாத கண்ணிவெடி.

இந்தக் கேள்விகளில் இந்தியா எங்கே நிற்கிறது என்பது எனக்கு மனவருத்தம் தரும் பகுதி. ஜெனீவாவில் அரசுகளின் நிபுணர் குழு 2017-இல் முறையாகக் கூடியபோது அதன் முதல் தலைவர் நம் தூதர் அமன்தீப் சிங் கில். ஆயுதத்தைப் பயன்படுத்தும் முடிவுக்கான பொறுப்பு மனிதரிடமே இருக்க வேண்டும், அதை இயந்திரத்துக்கு மாற்ற முடியாது என்ற கருத்து அவர் தலைமையில் உருப்பெற்று, 2019-இல் பதினொரு வழிகாட்டு நெறிகளில் இடம்பெற்றது. ஆனால் 2023 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை இந்த ஆயுதங்களைப் பற்றி முதல் தீர்மானத்தைக் கொண்டுவந்தபோது 152 நாடுகள் ஆதரித்தன, எதிர்த்தவை நான்கு. ரஷ்யா, பெலாரஸ், மாலி, இந்தியா. மறு ஆண்டு இந்தியா எதிர்ப்பிலிருந்து இறங்கி, வாக்களிக்காமல் ஒதுங்கியது.

இந்தியாவின் வாதத்தை எளிதாகத் தள்ளிவிடக்கூடாது. பேச்சு ஜெனீவாவின் மரபு ஆயுத உடன்படிக்கைக்குள்ளேயே நடக்கட்டும், அங்கேதான் படைபலமுள்ள நாடுகள் எல்லாம் உட்கார்ந்திருக்கின்றன. இன்னொரு மேடை அதைப் பிளக்கும். கட்டுப்படுத்தும் சட்டத்துக்கு இன்னும் காலம் கனியவில்லை என்கிறது டெல்லி. மேடையைப் பற்றிய முதல் பகுதியில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த மேடையில் ஒருமித்த முடிவே முடிவு. ஒரு நாடு தலையசைக்க மறுத்தால் எதுவும் நகராது. காலம் கனியவில்லை என்பதை ஏற்க எனக்கு மனமில்லை. ஹார்ப்பி கையில் இருக்கிறது, நாகாஸ்திரா கையில் இருக்கிறது, பிரம்மோஸின் பாகங்கள் சாக்கையில் தயாராகின்றன. கால வரம்பும் பரப்பு வரம்பும் எழுதுவதற்கு எதிர்கால இயந்திரங்கள் வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. முழுத் தடையை ஏற்க முடியாவிட்டாலும், ஏவியபின் எத்தனை மணிநேரம், எத்தனை சதுர கிலோமீட்டர் என்ற இரண்டு எண்களையாவது ஒவ்வொரு ஆயுதத்தின் கையேட்டிலும் கட்டாயமாக்கச் சொல்லும் தகுதி, முதல் தலைவரைத் தந்த நாட்டுக்கு உண்டு.

இந்தக் கரையிலிருந்து பார்க்கும்போது கடைசியாக ஒன்று நினைவுக்கு வருகிறது. வலியதுறையிலும் பூந்துறையிலும் மீனுக்குப் போகும் படகுகள் ஃபைபர் உடம்பு கொண்டவை. பெரிய எதிரொலியைத் தேடும் ஏவுகணைக்கு அவை ஏறத்தாழக் கண்ணில் படாதவை. அந்த அளவில் அவை பாதுகாப்பானவை. ஆனால் படம் பார்த்துத் தேடும் கருவிக்கு, வெளியே மோட்டார் மாட்டிய வேகமான சிறு படகு என்பது பாக் நீரிணையில் முன்பு உலவிய கடற்புலிகளின் தாக்குதல் படகுக்கும் பொதுவான உருவம். மனிதக் கண்ணே இதில் தவறியிருக்கிறது. 2012 பிப்ரவரி 15 அன்று கேரளக் கரைக்கு அப்பால் ‘என்ரிக்கா லெக்ஸி’ என்ற இத்தாலியக் கப்பலின் காவலர்கள் ‘செயின்ட் ஆன்டணி’ படகைக் கடற்கொள்ளையர் என்று எண்ணிச் சுட்டதில் இரண்டு மீனவர்கள் இறந்தார்கள். ஒருவர் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். அது போர் இல்லை, போர்ச் சட்டத்தின் கீழ் வந்த வழக்கும் இல்லை. ஆனால் சுட்டவர்கள் இன்னார் என்று தெரிந்திருந்ததால் கைது நடந்தது, வழக்கு ஹேக் நடுவர் மன்றம்வரை போனது, பத்துக் கோடி ரூபாய் இழப்பீடும் வந்தது.

2024 ஆகஸ்டில் ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளுக்கு டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் திட்டத்தை மத்திய அரசு தொடங்கியது. புயல் எச்சரிக்கைக்கும் ஆபத்தில் அழைப்பதற்கும் அது பெரிய உதவி. நாளை தன்னியக்க ஆயுதங்கள் இந்தக் கடலில் உலவும்போது, ‘டிரான்ஸ்பாண்டர் இல்லாத படகு சந்தேகத்துக்குரியது’ என்று ஒரு மென்பொருளுக்குக் கற்றுக்கொடுப்பது மிக எளிது. புட்காமில் வீழ்ந்த ஹெலிகாப்டரில் நம்மவர் என்று காட்டும் கருவி அணைந்திருந்தது என்பதை நினைத்தால் அந்த எளிமை அச்சமூட்டுகிறது. போர்ச் சட்டம் இதை நேர்மாறாக எழுதிவைத்திருக்கிறது: ஒருவர் யார் என்று சந்தேகம் இருந்தால் அவரைப் பொதுமகனாகவே கொள்ள வேண்டும். நான் மீனவன் என்று நிரூபிக்கும் சுமை படகில் இருப்பவருக்கு இல்லை. அவர் மீனவரா என்று பார்க்கும் சுமை சுடுபவருக்கு.